குறுக்குக்கோடு ஐந்தாவதா, கட்டா? ஆறாம் வகுப்பு வாகனக் கணக்கெடுப்பில் வந்த பிழை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாநில நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பில் 24 பிள்ளைகள். புள்ளியியல் பாடத்தில், நான்கு நிற்கும் கோடும் ஐந்தாவதாக ஒரு குறுக்குக்கோடும் போட்டு ஐந்தைந்தாக எண்ணும் நேர்க்கோட்டுக் குறிகளும் நிகழ்வெண் அட்டவணையும் முடிந்திருந்தன. நோட்டில் போட்ட கணக்குகளில் ஏறக்குறைய எல்லாரும் சரியாகவே எழுதியிருந்தார்கள். அடுத்த கட்டமாக, பிள்ளைகளே தரவு திரட்டட்டும் என்று வகுப்பு ஆசிரியை தீர்மானித்தார். பள்ளிச் சுற்றுச்சுவருக்கு உள்ளே, கேட்டுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றபடி 20 நிமிடம் சாலையில் போகும் வாகனங்களை எண்ண வேண்டும்.

நான்கு பேருக்கு ஒரு குழுவாக ஆறு குழுக்கள். ஆறு குழுக்களும் ஒரே நேரத்தில், ஒரே சாலையை எண்ணின. ஒரு குழுவில் ஒருவர் வாகனத்தின் பெயரைச் சொல்வார், இன்னொருவர் தாளில் கோடு போடுவார், மூன்றாமவர் எதுவும் விட்டுப்போகிறதா என்று பார்ப்பார், நான்காமவர் வகுப்புக்குத் திரும்பிய பிறகு கோடுகளை எண்ணி நிகழ்வெண் எழுதுவார். தரவுத் தாளில் மூன்றே பத்திகள்: வாகனம், நேர்க்கோட்டுக் குறிகள், நிகழ்வெண். வரிசைகள் ஆறு: இருசக்கர வாகனம், கார், ஆட்டோ, பேருந்து, லாரி மற்றும் வேன், சைக்கிள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் காட்டலாம் என்று இன்னோர் ஆசிரியர் தம் கைபேசியைச் சுவர்மேல் வைத்து அந்த 20 நிமிடத்தையும் வீடியோ எடுத்திருந்தார். கணக்கைச் சரிபார்க்கும் எண்ணத்தில் எடுத்ததல்ல. ஆனால் அது இல்லாதிருந்தால் இந்த ஆய்வை எழுதியிருக்கவே முடியாது. சாலையில் போன வாகனம் போனதுதான், திரும்ப எண்ண எதுவும் மிஞ்சாது. நேரடிக் கணக்கெடுப்பின் பெரிய சிக்கல் இது.

கண்டது

வகுப்புக்குத் திரும்பியதும் ஆறு குழுக்களின் விடைகளைக் கரும்பலகையில் எழுதினார்கள். இருசக்கர வாகனத்துக்கு வந்த எண்கள் இவை: 58, 57, 72, 71, 49, 60.

ஒன்றிரண்டு வித்தியாசம் என்றால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். 49க்கும் 72க்கும் இடையே 23 வண்டிகள். இருந்தும் ஆறு தாள்களும் பார்க்க ஒழுங்காகவே இருந்தன. கோடுகள் நேராக நின்றன, குறுக்குக்கோடுகள் சாய்வாகத் தெளிவாக இருந்தன. அவற்றில் மிக அழகான தாள் மூன்றாம் குழுவினுடையது, அதாவது 72 என்று எழுதிய குழுவினுடையது.

வகுப்பை இன்னும் குழப்பியது அடுத்து வந்த பட்டை வரைபடம்தான். ஆறு குழுக்களும் தத்தம் எண்களை வைத்து வரைந்தபோது எல்லாப் படங்களும் ஏறத்தாழ ஒரே வடிவில் வந்தன. இருசக்கர வாகனப் பட்டை எல்லாப் படத்திலும் மொத்தத்தில் பாதியை ஒட்டியே நின்றது. படத்தைப் பார்த்து "நம்ம கணக்கு சரிதான்" என்று ஒவ்வொரு குழுவும் நம்பியது. ஒரு பிழை எல்லா வரிசையிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நிகழ்ந்தால் வரைபடத்தின் வடிவம் அதைக் காட்டிக்கொடுக்காது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் எடுத்த முடிவு

கவனக்குறைவுதான் காரணம் என்று ஆசிரியை எடுத்துக்கொண்டார். பேச்சுச் சத்தம், வெயில், பேருந்துக்குப் பின்னால் மறைந்து போகும் பைக் என்று அதற்குக் காரணங்களும் இருந்தன. எனவே மறுநாள் அதே நேரத்தில், பேசக் கூடாது என்ற கண்டிப்போடு, மறுபடியும் 20 நிமிடம் எண்ண வைத்தார். அன்று இருசக்கர வாகனத்துக்கு வந்தவை: 47, 47, 58, 58, 40, 50.

ஒரு பாடவேளை போனது. ஆனால் இந்த இரண்டாவது வரிசைதான் முதல் துப்பைத் தந்தது. முந்தைய நாள் அதிகமாகக் காட்டிய அதே இரண்டு குழுக்கள் இன்றும் அதிகம் காட்டின. குறைவாகக் காட்டிய குழு இன்றும் குறைவு. கவனக்குறைவு இப்படி வேலை செய்யாது. அது ஒரு நாள் ஒரு குழுவிலும் மறுநாள் வேறு குழுவிலும் தலைகாட்டும். அதோடு, கவனம் சிதறினால் வண்டிகள் விட்டுப்போகும், எண்ணிக்கை குறையும். ஒரு வண்டியை இரண்டு முறை எண்ணுவது எப்போதாவது நடக்கலாம், 58ஐ 72 ஆக்கும் அளவுக்கு நடக்காது.

அன்று மாலை ஆசிரியை முதல் நாள் வீடியோவை வாங்கி, நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை எண்ணினார். இரு முறையும் ஒரே விடை வந்தது. அதைக் குழுக்களின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தபோது கிடைத்த படம் இது. முதல் குழுவின் தாள் வீடியோவோடு அப்படியே பொருந்தியதால் அது தனியாகக் காட்டப்படவில்லை.

| வாகனம் | வீடியோ | 3ஆம் குழு | 5ஆம் குழு | 6ஆம் குழு |
|---|---|---|---|---|
| இருசக்கர வாகனம் | 58 | 72 | 49 | 60 |
| கார் | 17 | 21 | 15 | 20 |
| ஆட்டோ | 11 | 13 | 10 | 15 |
| பேருந்து | 9 | 11 | 8 | 10 |
| லாரி, வேன் | 14 | 17 | 12 | 15 |
| சைக்கிள் | 6 | 7 | 5 | 10 |
| மொத்தம் | 115 | 141 | 99 | 130 |

மூன்று தாள், மூன்று பிழை

ஆறாம் குழுவின் பிழை எளிதில் பிடிபட்டது. அவர்களுடைய நிகழ்வெண்கள் எல்லாமே 0 அல்லது 5இல் முடிகின்றன. ஆறு வரிசையும் ஐந்தின் மடங்காக வருவது தற்செயலாக நடக்கக்கூடியதல்ல. தாளில் கோடுகள் சரியாகவே இருந்தன: இருசக்கர வாகன வரிசையில் ஐந்தைந்து கோடாகப் பதினொரு முழுக் குழு, மீதி மூன்று கோடு. எண்ணியவர் "அஞ்சு, பத்து, பதினஞ்சு" என்று ராகமாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் இருந்த மூன்று கோட்டையும் ஒரு குழுவாக வைத்து "அறுபது" என்று முடித்திருக்கிறார். சைக்கிள் வரிசையில் ஒரு குழுவும் ஒற்றைக் கோடும் இருந்தன. அதுவும் பத்தாகிவிட்டது. தாள் பிழையற்றது, படித்ததுதான் பிழை. கோடுகளை மறுபடி எண்ணினால் உண்மையான எண் கிடைத்துவிடும்.

ஐந்தாம் குழுவின் தாளை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டிலும் நிற்கும் கோடுகள் நான்கு அல்ல, ஐந்து. அதன் மேல் குறுக்குக்கோடு. ஆக ஒரு கட்டில் ஆறு வண்டிகள். ஆனால் படிக்கும்போது வழக்கப்படி ஐந்து என்றே எண்ணியிருக்கிறார்கள். 58 வண்டிகள் ஒன்பது கட்டும் (54) மீதி நான்கு கோடும் ஆகியிருக்கின்றன. ஒன்பது ஐந்து நாற்பத்தைந்து, அதோடு நான்கு, 49. குறைந்தது ஒன்பது, கட்டுகளும் ஒன்பது. ஒரு கட்டுக்கு ஒரு வண்டி வீதம் காணாமல் போகிறது. இதுவும் மீட்கக்கூடிய பிழைதான். குறுக்குக்கோடுகளையும் சேர்த்து ஒவ்வொரு கோடாக எண்ணினால் 58 வந்துவிடுகிறது.

மூன்றாம் குழுவின் தாள்தான் ஆசிரியையை நெடுநேரம் உட்கார வைத்தது. ஒவ்வொரு கட்டிலும் நான்கு நிற்கும் கோடு, ஒரு குறுக்குக்கோடு. பாடநூலில் இருப்பது போலவே. பதினான்கு கட்டு, மீதி இரண்டு. படித்ததிலும் பிழை இல்லை, 14 × 5 + 2 = 72. கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாலும் 72தான். ஆனால் சாலையில் போனவை 58. அதிகம் வந்தது 14, கட்டுகளின் எண்ணிக்கையும் 14.

ஐந்தாம் குழுவில் ஒரு கட்டுக்கு ஒன்று குறைந்தது போல, இங்கே ஒரு கட்டுக்கு ஒன்று கூடியிருக்கிறது. அப்படியானால் குறுக்குக்கோடு போடப்பட்டபோது வண்டி எதுவும் போகவில்லை என்றுதான் பொருள். நான்கு வண்டிக்கு நான்கு கோடு போட்டு, அதைக் குறுக்கே ஒரு கோட்டால் மூடிவிட்டு, அடுத்த வண்டிக்குப் புதிய கட்டு தொடங்கியிருக்கிறார்கள். எழுதி முடித்த தாளில் இதற்கு எந்தத் தடயமும் இருக்காது. சரியாகப் போட்ட தாளும் இதுவும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்கும். வீடியோ இல்லாவிட்டால், ஆறு தாள்களில் மிகச் சுத்தமான இந்தத் தாளையே சரியானது என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

இதுவரை ஊகம்தான். நிரூபிக்க வேண்டுமென்றால் தாளை அல்ல, கோடு போடும் கையைப் பார்க்க வேண்டும்.

புளியங்கொட்டைச் சோதனை

ஆசிரியை ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிறு துளை போட்டார். 23 புளியங்கொட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வராண்டாவுக்கு அழைத்து, கொட்டைகளை ஒவ்வொன்றாகத் துளைக்குள் போட்டார். விழும்போது "டக்" என்று சத்தம் கேட்கும். ஒரு சத்தத்துக்கு ஒரு குறி. முடிந்ததும் எத்தனை என்று எழுத வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. இரண்டு நாள் விளையாட்டு வேளையில் 24 பேரும் முடிந்தார்கள்.

23 என்ற எண்ணை அவர் யோசித்தே எடுத்திருந்தார். முறைப்படி போட்டால் நான்கு கட்டும் மூன்றும், 23 வரும். குறுக்குக்கோட்டை வெறும் மூடியாகப் போடுபவருக்கு ஐந்து கட்டும் மூன்றும் ஆகி 28 வரும். ஐந்து கோடு நிறுத்தி ஆறாவதைக் குறுக்கே போடுபவருக்கு மூன்று கட்டும் ஐந்து கோடும் ஆகி 20 வரும். மீதியையும் ஐந்தாகப் படிப்பவருக்கு 25. நான்கு வழிக்கும் நான்கு வேறு விடைகள், எனவே எழுதிய எண்ணைக் கொண்டே வழியைச் சொல்லிவிடலாம். எல்லா எண்ணுக்கும் இந்தக் குணம் கிடையாது. உதாரணமாக 5 கொட்டை போட்டால், ஐந்து கோடு நிறுத்துபவரும் 5 என்றே எழுதுவார், பிழை தெரியாது. 10 போட்டால், மீதியைத் தவறாகப் படிப்பவரைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மீதியே இல்லை.

24 பேரில் 23 என்று எழுதியவர்கள் 13 பேர். 28 என்று 6 பேர், 20 என்று 3 பேர், 25 என்று 2 பேர். சாலைக் கணக்கெடுப்பில் ஒரு குழுவில் ஒருவர் மட்டுமே கோடு போட்டதால், மற்றவர்களின் பழக்கம் அதுவரை வெளியே தெரியவில்லை. வகுப்பில் பாதியை ஒட்டிய பேருக்கு ஏதோ ஒரு பிழை இருந்திருக்கிறது.

கையைப் பார்த்ததில்தான் உண்மை துலங்கியது. 28 எழுதிய ஒரு மாணவன் நான்காவது "டக்"குக்கு நான்காவது கோட்டை இழுத்தான். பென்சிலை எடுக்கவில்லை. அடுத்த கொட்டை ஆசிரியையின் விரலிலேயே இருக்கும்போது, சத்தம் வருவதற்கு முன்பே, சரக்கென்று குறுக்குக்கோடு போட்டான். பிறகு பென்சிலைச் சற்று வலப்புறம் நகர்த்தி வைத்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் இல்லாமல் கை நகர்ந்த அந்த ஒரு கணம்தான் தாளில் பதியாத பிழை.

"இந்தக் குறுக்குக்கோடு எதுக்குப்பா?"

"கட்டு டீச்சர்."

"கட்டுன்னா?"

"நாலு வந்துடுச்சுல்ல, ரப்பர் பேண்ட் போடுற மாதிரி."

"அப்போ ஒரு கட்டுல எத்தனை இருக்கு?"

"அஞ்சு டீச்சர்."

நான்கு போட்டுக் கட்டினேன் என்று சொன்ன அதே வாய், கட்டில் ஐந்து என்றும் தயங்காமல் சொன்னது. இரண்டும் அவனுக்குத் தனித்தனியாகக் கற்றுத்தரப்பட்டவை. இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்று காட்டும் கணக்கு அதுவரை அவன் முன் வரவில்லை.

ரப்பர் பேண்ட் எங்கிருந்து வந்தது

அதே பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பத்துகளும் ஒன்றுகளும் குச்சிகளை வைத்துக் கற்பிக்கப்படுகின்றன. பத்துக் குச்சி சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு. பேண்ட் குச்சி அல்ல, அதை எண்ணக் கூடாது. அது சேர்ந்ததை மூடும் பொருள் மட்டுமே. இடமதிப்புக்கு இது மிகச் சரியான பாடம். நான்காண்டு கழித்து, ஆறாம் வகுப்பில், நேர்க்கோட்டுக் குறி நடத்தும்போது ஆசிரியையும் "அஞ்சு அஞ்சா கட்டிக்கணும்" என்றே சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்த்தாலும் நான்கு குச்சியைக் கயிற்றால் கட்டியது போலத்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஏற்கெனவே தெரிந்த கட்டை இங்கே கொண்டுவந்து பொருத்திக்கொண்டார்கள். அவர்கள் யோசித்த விதத்தில் குறை இல்லை, நாம் தந்த சொல்லில்தான் குறை.

20 எழுதிய மூவரின் கதை இதன் மறுபக்கம். "அஞ்சு அஞ்சா" என்றதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு ஐந்து கோடு நிறுத்தினார்கள். அடுத்த சத்தத்துக்குக் குறுக்கே இழுத்தார்கள். கட்டு என்றால் ஐந்து என்ற மனப்பாடம் படிக்கும்போது மட்டும் வந்து சேர்ந்தது.

23 என்று சரியாக எழுதிய பதின்மூன்று பேரில் ஒரு மாணவி, ஐந்து கோடு நிறுத்தி, சத்தமில்லாமல் ஒரு குறுக்குக்கோட்டால் மூடினாள். அவளுக்கு விடை எப்போதும் சரியாகவே வரும். ஆனால் அவள் தாளை வேறொருவர் படித்தால் ஒரு கட்டில் ஆறு என்று எண்ண வாய்ப்புண்டு. அவளுடைய விடையைத் தவறென்று குறிக்கவில்லை, குறியீட்டை மட்டும் மாற்றச் சொன்னார்கள்.

நோட்டுக் கணக்குகள் இதையெல்லாம் ஏன் காட்டவில்லை? நோட்டுகளைப் புரட்டியபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. அந்தக் கணக்குகளில் பெரும்பாலான நிகழ்வெண்கள் 2 முதல் 6 வரையே இருந்தன. கட்டுகள் குறைவு, எனவே பிழையும் குறைவு. இன்னொன்று இதைவிட முக்கியமானது. பிள்ளைகள் கொடுத்த எண் வரிசையில் "4 எத்தனை தடவை வருது" என்று விரலால் தேடி எண்ணி, முதலில் நிகழ்வெண்ணை எழுதிவிட்டு, பிறகுதான் அதற்கேற்பக் கோடுகள் வரைந்திருந்தார்கள். சிலர் நோட்டில் கோட்டுப் பத்தி காலியாகவும் நிகழ்வெண் பத்தி நிரம்பியும் இருந்ததே அதற்குச் சாட்சி. எண்ணத் தெரிந்த பிறகு வரையும் கோடு அலங்காரம்தான். கோடுகளைக் கொண்டு எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை முதன்முதலில் சாலையோரத்தில்தான் வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குறியீட்டையே மாற்றிவிடலாமா என்று ஆசிரியர்கள் பேசினார்கள். சீனாவிலும் ஜப்பானிலும் ஐந்து கோடுகளால் ஆன ஓர் எழுத்தைக் கோடு கோடாக எழுதி எண்ணுகிறார்கள். பிரேசில் போன்ற நாடுகளில் சதுரத்தின் நான்கு பக்கங்களையும் ஒவ்வொன்றாக வரைந்து, ஐந்தாவதாக மூலைவிட்டம் போடுகிறார்கள். இவற்றில் எந்தக் கோடும் கயிறு போலத் தோன்றாது, ஆகவே இந்தப் பிழைக்கு இடம் குறைவு. சதுர முறை பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் தேர்வில் பாடநூல் முறையில்தான் எழுத வேண்டும். இரண்டு முறைகளைக் கலந்து வைத்தால் புதுக் குழப்பம் வரும் என்று அதை விட்டுவிட்டார்கள்.

மாறாக, சொல்லை மாற்றினார்கள். "கட்டு" என்ற சொல் இந்தப் பாடத்தில் கூடாது, "குழு" என்றே சொல்வது என்று முடிவானது. விதியும் ஒரே வரிதான்: நாலு நிற்கும், அஞ்சாவது படுக்கும். கோடு இழுக்கும் போதே எண்ணை வாயால் சொல்ல வேண்டும், "அஞ்சு" என்ற சொல் வரும்போதுதான் கை குறுக்கே போக வேண்டும். சத்தம் இல்லாமல் கை நகரக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

அதை ஒரு முறை கையால் செய்யவும் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஐஸ் குச்சிகள். நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது போல மேசையில் அடுக்கி, ஐந்தாவது குச்சியை அவற்றின் மேல் குறுக்கே வைக்க வேண்டும். பக்கத்திலேயே ரப்பர் பேண்ட் போட்ட பத்துக் குச்சிக் கட்டு ஒன்று. இரண்டையும் பிரித்து எண்ணச் சொன்னார்கள். பேண்டைக் கழற்றினால் அது குச்சிக் கணக்கில் சேராமல் தனியே கிடக்கிறது. குறுக்கே வைத்ததை எடுத்தால் கையில் இருப்பது ஒரு குச்சி. இரண்டாம் வகுப்பில் பேண்ட் போடும் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். அங்கே அது சரிதான், இங்கேதான் அதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்.

தரவுத் தாளில் ஒரு பத்தி கூடியது. குறிகளுக்கும் நிகழ்வெண்ணுக்கும் நடுவே "முழுக் குழு × 5 + மீதி" என்று ஒன்று. இருசக்கர வாகனத்துக்கு 11 × 5 + 3 என்று எழுதிய பிறகே 58 என்று எழுத முடியும். ராகமாக "அம்பத்தஞ்சு, அறுபது" என்று ஓடும் வாயை இது நிறுத்துகிறது, ஏனென்றால் மீதி 3 என்று தனியாக எழுதியாக வேண்டும். மீதி 5 என்றோ அதற்கு மேலோ வந்தால், கோடு போட்டதில் எங்கோ பிசகு இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஐந்து கோடு நிறுத்தும் பழக்கம் பல நேரம் அப்படித்தான் அகப்படும்.

கடைசியாக, மொத்தத்தைத் தனி வழியில் எண்ணும் ஏற்பாடு. சாலைக் கணக்கெடுப்பில் ஒரு பிள்ளைக்கு ஒரே வேலை: எந்த வாகனம் போனாலும், வகை பார்க்காமல், டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். முடிவில் கொட்டைகளின் எண்ணிக்கையும் நிகழ்வெண்களின் கூடுதலும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதித் தந்த தரவு என்றால் கொட்டை வேண்டாம், தரவிலேயே எத்தனை எண்கள் என்பது தெரியும். ஆனால் வரிசையை ஒரே முறைதான் முதலிலிருந்து கடைசிவரை போக வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் படித்து, அதற்குரிய வரிசையில் கோடு போட்டு, தரவில் அந்த எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வகை வகையாகத் தேடினால், நிகழ்வெண்ணை முன்கூட்டி எழுதும் பழைய பழக்கம் திரும்பி வந்துவிடும்.

பின்னர் நடந்தது

பன்னிரண்டு நாள் கழித்து அதே டப்பாவில் 31 கொட்டையோடு சோதனை மறுபடி நடந்தது. இந்த எண்ணும் பிழைகளைப் பிரித்துக் காட்டக்கூடியது. மூடியாகப் போட்டால் 38, ஐந்து நிறுத்தினால் 26, மீதியைத் தவறாகப் படித்தால் 35. 24 பேரில் 22 பேர் 31 என்று எழுதினார்கள். ஒருவர் 32 எழுதினார். கொட்டை துளையின் விளிம்பில் தட்டி விழுந்தபோது இரண்டு சத்தம் கேட்டிருக்கிறது. அது குறியீட்டுப் பிழை அல்ல. இன்னொருவன் 38 எழுதினான். ரப்பர் பேண்ட் பற்றிச் சொன்ன அதே மாணவன்தான்.

அடுத்த வாரச் சாலைக் கணக்கெடுப்பில் ஆறு குழுக்களில் நான்கில் நிகழ்வெண்களின் கூடுதல் டப்பாவோடு பொருந்தியது. மற்ற இரண்டில் ஒன்று, இரண்டு என்று வித்தியாசம். இந்த அளவை வண்டி மறைவதன் கணக்கில் விட்டுவிடலாம்.

ஆனால் பொருந்திய நான்கு குழுக்களிலேயே இரண்டில் ஆட்டோ 10 என்றும் லாரி, வேன் 15 என்றும் இருந்தன. மற்ற இரண்டில் அவை 13, 12. கூடுதல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். காரணம் லோடு ஆட்டோ. சரக்கு ஏற்றுவதால் அதைச் சிலர் வேனோடு சேர்த்தார்கள், மூன்று சக்கரம் என்பதால் சிலர் ஆட்டோவில் போட்டார்கள். ஒரு வரிசையில் சேர வேண்டியது இன்னொரு வரிசையில் போனால் கூடுதல் மாறாது. டப்பாக் கொட்டையால் பிடிக்க முடியாத பிழை இது. கணக்கெடுப்புக்கு முன்பே வகைகளைப் பேசி முடிவு செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

புளியங்கொட்டைச் சோதனையைச் சாலைக்குப் போவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். இரண்டு விளையாட்டு வேளை செலவாகும். ஆனால் ஒரு பாடவேளையை மறு எண்ணிக்கையில் வீணாக்கியதைவிடவும், பிள்ளைகளைக் கவனக்குறைவானவர்கள் என்று நினைத்ததைவிடவும் அது மேல். பயிற்சிக் கணக்குகளிலும் ஒரு வரிசையாவது 20க்கு மேல், ஐந்தின் மடங்காக இல்லாத எண்ணாக வரும்படி தரவு தர வேண்டும். அப்போதுதான் நோட்டிலேயே பிழை வெளிப்படும்.

தாளில் ரப்பர் பயன்படுத்துவதையும் நிறுத்த வேண்டும். தவறாகப் போட்ட கோட்டை அழித்தால், நகர்ந்த கையின் சுவடும் போய்விடும். அந்தக் கோட்டின் மேல் சிறு வட்டம் போட்டுத் தள்ளுபடி என்று காட்டினால் போதும்.

38 எழுதிய மாணவனைப் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவாகக் கொட்டை போட்டால் சரியாகவே செய்கிறான். ஒரு வினாடிக்கு ஒன்று என்ற வேகம் வந்ததும் நான்காவதுக்குப் பிறகு கை தானாகக் குறுக்கே போகிறது. அவனுக்காக ஆசிரியை ஒரு தாள் தயாரித்திருக்கிறார். அதில் குழுக்கள் மங்கலான புள்ளிக்கோடுகளாக முன்பே அச்சாகியிருக்கின்றன, ஒரு சத்தத்துக்கு ஒரு புள்ளிக்கோட்டின் மேல் பேனாவை ஓட்டினால் போதும். முதல் நாள் அந்தத் தாளில் 31 கொட்டைக்கு 31 எழுதினான். அடுத்த வாரம் வெற்றுத் தாளில் மறுபடி பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள்.